வெளிநாட்டுப் பட்டமும் உள்நாட்டு அங்கீகாரமும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இலங்கையில் பட்டதாரிகளுக்கான அரச வேலை அறிவித்தல் எதை எடுத்துப் பார்த்தாலும், கல்வித் தகைமைகள் என்ற பகுதியில் ஒரு நிபந்தனை தவறாமல் இருக்கும். பட்டம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றில் பெற்றதாக இருக்க வேண்டும் என்பதே அது. பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒலுவிலிலோ படித்தவர் அந்த வரியை வாசிக்காமலே கடந்துபோகலாம். மதீனாவிலோ சென்னையிலோ டாக்காவிலோ படித்துவிட்டு வந்தவருக்கு விண்ணப்பத்தின் தலைவிதி அந்த வரியில்தான் இருக்கிறது. தம் பட்டம் இங்கே பட்டமாக ஏற்கப்படும் என்பதை அவரே எழுத்தில் நிறுவ வேண்டும். அதற்காக அவர் பெறும் கடிதத்தை மக்கள் ‘சமமான சான்றிதழ்’ என்றும் ‘அங்கீகாரக் கடிதம்’ என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். இந்த இரண்டும் ஒன்றல்ல. கோப்புகள் மாதக்கணக்கில் இழுபடுவதற்குப் பெரும்பாலும் இந்தக் குழப்பமே காரணமாகிறது.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் இந்தக் கேள்வி பலவிதமாக எழுகிறது. கற்பிட்டி முதல் புத்தளம் நகர் வரையுள்ள முஸ்லிம் ஊர்களிலிருந்து இளைஞர்கள் அரபுக் கல்லூரிப் படிப்பை முடித்து, புலமைப்பரிசில் பெற்று மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்கும் கெய்ரோவின் அல்-அஸ்ஹருக்கும் போய்ப் படிக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. சிலாபம் மறைமாவட்டத்துக் கத்தோலிக்கக் குருமார் உரோமைத் திருச்சபைப் பல்கலைக்கழகங்களின் இறையியல் பட்டங்களோடு திரும்புகிறார்கள். வளைகுடா நாடுகளில் தொழில் செய்வோரின் பிள்ளைகள் அங்குள்ள இந்தியப் பாடசாலைகளில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியச் சான்றிதழோடு ஊர் வருகிறார்கள். கரையோடு வடக்கே போனால், மன்னாரில் தமிழகத்து முகாம்களில் வளர்ந்து அங்கேயே பட்டம் பெற்றுத் திரும்பியோர் இருக்கிறார்கள். படித்த நாடுகள் வேறானாலும் இவர்கள் எல்லோரும் கொழும்பு வார்ட் பிளேசில் உள்ள ஒரே அலுவலகத்தின் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது.

ஒரே கடிதம், மூன்று கேள்விகள்

வெளிநாட்டுப் பட்டம் ஒன்று அரச அலுவலகத்தின் மேசைக்கு வரும்போது உண்மையில் மூன்று வெவ்வேறு கேள்விகள் எழுகின்றன. பட்டம் வழங்கிய நிறுவனம் உண்மையான, பட்டம் வழங்க உரிமையுள்ள பல்கலைக்கழகமா என்பது முதலாவது. அந்தப் பட்டம் இலங்கையின் எந்த மட்டத்துப் பட்டத்துக்கு இணையானது என்பது இரண்டாவது. குறித்த அந்தப் பதவிக்கு அல்லது அந்தப் பட்டப்பின் படிப்புக்கு அது பொருந்துமா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை சொல்வோர் வெவ்வேறு ஆட்கள். முதற் கேள்விக்கான கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றும் தீர்ந்துவிட்டன என்று நம்பி நேர்முகத் தேர்வுக்குப் போய் அமர்வோர்தான் அதிகம் ஏமாற்றமடைகிறார்கள்.

முதற் கேள்விக்கு விடை தருவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த இந்த ஆணைக்குழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை நேரில் போய் ஆராய்வதில்லை. உலகளவில் ஏற்கப்பட்ட இரண்டு பட்டியல்களையே அது நெடுங்காலமாக ஆதாரமாகக் கொண்டுவந்துள்ளது. பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் ஆண்டுநூல் ஒன்று; பாரிசைத் தளமாகக் கொண்ட சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கைந்நூல் மற்றையது. இரண்டாவது பட்டியல் இப்போது whed.net என்ற தளத்தில் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. வெளிநாடு போகப் புறப்படும் மாணவர் தாம் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். இல்லாவிட்டால் சேருமுன்பே ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்பதே ஒரே வழி. முகவர் வாயால் தரும் உறுதி எந்தக் கோப்பிலும் ஏறாது.

பட்டியலில் பெயர் இருப்பதோடு விடயம் முடிந்துவிடுவதுமில்லை. பட்டியல் நிறுவனத்தைத்தான் சொல்கிறது. அந்த நிறுவனம் எந்த முறையில், எந்த இடத்தில் கற்பித்த பட்டம் என்பதைச் சொல்வதில்லை. இதற்குத் தமிழ் மாணவர்கள் நன்கு அறிந்த எடுத்துக்காட்டு சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதன் வளாகப் படிப்புகளைப் பற்றிக் கேள்வி இல்லை. ஆனால் 2014-15 கல்வியாண்டுக்குப் பின் அதன் தொலைநிலைப் படிப்புகளுக்குத் தன் அங்கீகாரம் இல்லை என்று இந்தியாவின் பல்கலைக்கழக மானியக்குழு 2022இல் பொது அறிவித்தல் விடுத்தது. ஒரே பல்கலைக்கழகத்தின் பெயரும் முத்திரையும் கொண்ட இரண்டு பட்டச்சான்றிதழ்களில் ஒன்று தாய்நாட்டிலேயே கேள்விக்கு உள்ளாகி, மற்றது ஆகாமல் இருக்க இப்படித்தான் இடமுண்டு. பட்டம் பிறந்த நாட்டில் ஏற்கப்படாத ஒன்றை இலங்கை ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே இந்தியத் தொலைநிலைப் பட்டம் வைத்திருப்பவர் பல்கலைக்கழகத்தின் புகழைச் சொல்லிப் பயனில்லை. தாம் சேர்ந்த கல்வியாண்டில், அந்தப் பாடநெறிக்கு, தொலைநிலை முறைக்கு அனுமதி இருந்ததா என்பதைத்தான் ஆவணத்தோடு காட்ட வேண்டும்.

இதே அவதானம் இலங்கைக்குள் வெளிநாட்டுப் பட்டம் விற்கும் தனியார் கல்லூரிகள் விடயத்திலும் வேண்டும். உள்ளூர் நிறுவனம் தன் பெயரில் பட்டம் வழங்க வேண்டுமானால் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் வர்த்தமானியில் வெளிவந்த கட்டளை வேண்டும். அது இல்லாத கல்லூரி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்துக்கு மாணவரைத் தயார்ப்படுத்தவே முடியும். அப்போது பட்டச்சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கிறது, அந்தப் பல்கலைக்கழகம் தன் நாட்டில் எந்த அதிகாரத்தின் பேரில் பட்டம் வழங்குகிறது என்பனவே பார்க்கப்படும். கல்லூரி கம்பனியாகப் பதிவு செய்யப்பட்டிருப்பது வணிகப் பதிவு மட்டுமே. அதற்கும் பட்டத்தின் அங்கீகாரத்துக்கும் தொடர்பில்லை.

மட்டம் என்ற கேள்வி

இரண்டாவது கேள்விக்கு அளவுகோலாக இருப்பது 2012இல் அறிமுகமாகிப் பின்னர் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம். திருத்திய வடிவில் அதற்குப் பன்னிரண்டு மட்டங்கள் உண்டு. க.பொ.த. சாதாரண தரம் முதலாம் மட்டம், உயர்தரம் இரண்டாம் மட்டம். மூன்றாண்டுப் பொதுப்பட்டம் ஐந்தாம் மட்டத்திலும், நான்காண்டு சிறப்புப்பட்டம் ஆறாம் மட்டத்திலும் நிற்கின்றன. முதுமாணி ஒன்பதிலும் பத்திலும், கலாநிதிப் பட்டம் பன்னிரண்டிலும் வருகின்றன. பட்டத்தின் பெயரை விட்டு அதன் உள்ளடக்கத்தின் பாரத்தை நோக்குவதே இந்தச் சட்டகத்தின் நோக்கம்.

பாரத்தை அளக்கும் அலகு திறமையளவு, அதாவது கிரெடிட். இலங்கையில் ஒரு திறமையளவு என்பது மாணவர் வகுப்பிலும் வெளியிலும் செலவிடும் சுமார் 50 கற்றல் மணிகளைக் குறிக்கும். ஆண்டுக்கு 30 திறமையளவுகள். எனவே மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90, நான்காண்டுப் பட்டத்துக்கு 120. மற்ற நாடுகளில் அலகின் எடை வேறு. ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60 திறமையளவு, ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி. பிரித்தானிய முறையில் ஓராண்டுக்கு 120, ஒவ்வொன்றும் 10 மணி. ஆகவே பிரித்தானியப் பட்டப் பத்திரத்தில் 360 என்றும் இலங்கைப் பத்திரத்தில் 90 என்றும் இருப்பதைப் பார்த்து முன்னையது நான்கு மடங்கு பெரிய படிப்பு என்று எவரும் நினைக்கக்கூடாது. மணிக் கணக்கை அப்படியே பெருக்கிப் பார்த்தால் 360 பிரித்தானியத் திறமையளவு 3,600 மணியாகவும், 90 இலங்கைத் திறமையளவு 4,500 மணியாகவும் வரும்.

இந்தக் கணக்கு எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றும். மணி குறைவு என்பதால் பிரித்தானியப் பட்டம் தாழ்ந்தது என்றும் சொல்லிவிட முடியாது. அங்கே பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பும், பட்டத்தின் இறுதி ஆண்டில் எதிர்பார்க்கப்படும் ஆய்வுத் தேர்ச்சியும் வேறு. ‘ஓனர்ஸ்’ என்ற சொல் அங்கே மூன்றாண்டுப் பட்டத்துக்கும் உரியது. இங்கே அது நான்காண்டுப் படிப்பையும் ஆய்வுக்கட்டுரையையும் நினைவூட்டுகிறது. சொல் ஒன்றாக இருப்பதை வைத்து ஆறாம் மட்டம் கோரும் விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் சிக்குகின்றன. மட்டத்தைத் தீர்மானிப்பவர் பாடநெறியின் காலம், நுழைவுத் தகைமை, திறமையளவு, ஆய்வுக்கட்டுரையின் பங்கு ஆகிய நான்கையும் சேர்த்தே பார்ப்பார். அவற்றை ஒரே இடத்தில் காட்டுவது விரிவான பெறுபேற்றுப் பத்திரம். பட்டச்சான்றிதழை மட்டும் சட்டமிட்டு வைத்துவிட்டு அந்தப் பத்திரத்தைப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்து வராமல் ஊர் திரும்புவது பெரிய இழப்பு. பல ஆண்டுகள் கழித்து வெளிநாட்டிலிருந்து அதை அழைப்பிக்க ஆகும் பாடு கொஞ்சமல்ல.

தமிழகத்தின் மூன்றாண்டு பீ.ஏ., பீ.எஸ்சி. பட்டங்களை இங்கே மூன்றாண்டுப் பொதுப்பட்டத்தோடு வைத்துப் பார்ப்பதே இயல்பு. அதற்குமேல் இரண்டாண்டு எம்.ஏ. முடித்தவர் தம்மிடம் ஐந்தாண்டுப் படிப்பு இருப்பதால் நான்காண்டுச் சிறப்புப்பட்டம் தாமாகவே உண்டென்று கருதுவது இன்னொரு தவறு. பட்டமும் பட்டப்பின் படிப்பும் தனித்தனியாகவே மதிப்பிடப்படும்.

மதீனாப் பட்டதாரி ஒருவரின் கோப்பு

மூன்றாவது கேள்வி எப்படி எழுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கோப்பை வைத்துப் பார்க்கலாம். கற்பிட்டியில் பிறந்த ஒருவர் உயர்தரம் எழுதி, புத்தளத்து அரபுக் கல்லூரி ஒன்றில் மௌலவிப் படிப்பை முடித்து, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் ஷரீஆ பீடத்தில் நான்காண்டுப் பட்டம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1961இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம் உலகப் பட்டியலில் இருப்பது. எனவே முதற் கேள்வி எளிதில் தீரும். வடமேல் மாகாணத்தில் பட்டதாரி ஆசிரியர் வெற்றிடங்களுக்கு விண்ணப்பம் கோரப்படுகிறது. முடிவுத் திகதி 2019 ஜூலை 31. இந்த இடத்திலிருந்து கோப்பில் சிறு சிறு முட்கள் தெரியத் தொடங்கும்.

முதல் முள் திகதி. அரச நியமனங்களில் விண்ணப்ப முடிவுத் திகதியன்றோ அதற்கு முன்போ எல்லாத் தகைமைகளும் நிறைவாகியிருக்க வேண்டும் என்பது பொது விதி. கணக்கில் எடுக்கப்படுவது பட்டம் செல்லுபடியாகும் திகதி. பட்டமளிப்பு விழா நடந்த நாளோ சான்றிதழ் அச்சாகிக் கைக்கு வந்த நாளோ கணக்கில் வராது. சவூதிச் சான்றிதழில் திகதி ஹிஜ்ரி ஆண்டில் இருக்கும். நமது விண்ணப்பதாரரின் பரீட்சை 1440 ஷஃபானில் முடிந்து, பல்கலைக்கழகம் பட்டத்தை அங்கீகரித்தது ஷவ்வாலில், சான்றிதழ் எழுதப்பட்டது 1441 ஸபரில் என்றால் என்ன ஆகும்? ஹிஜ்ரி 1440 என்பது 2018 செப்டெம்பரில் தொடங்கி 2019 ஓகஸ்ட் இறுதியில் முடிந்த ஆண்டு. ஷவ்வால் அந்த ஆண்டில் 2019 ஜூன் 4ஆம் திகதி சவூதியில் பிறந்தது. 1441 ஸபர் ஒக்டோபரை ஒட்டி வருகிறது. அங்கீகாரத் திகதியைக் கொண்டால் அவர் தகுதியானவர். சான்றிதழ் எழுதிய திகதியைக் கொண்டால் தகுதியற்றவர். மொழிபெயர்ப்பாளர் ‘1440’ என்பதை வெறுமனே 2018 என்றோ 2019 என்றோ எழுதி விட்டிருந்தால் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு எந்த முடிவுக்கும் வர வழியில்லை.

இலங்கையின் பிறைக் கணக்கு சவூதியின் கணக்கிலிருந்து ஒரு நாள் வேறுபடக்கூடும். அதே 2019இல் நோன்புப் பெருநாள் அங்கே ஜூன் 4. இங்கே ஜூன் 5. முடிவுத் திகதிக்கு நெருக்கமான நாட்களில் இந்த ஒரு நாளும் பொருட்படுத்த வேண்டியதாகிவிடும். மாற்றுத் திகதியை வீட்டு நாட்காட்டியைப் பார்த்து எழுதாமல், சவூதி அரசு பயன்படுத்தும் உம்முல் குரா நாட்காட்டியின்படி எழுதி, அப்படி எழுதியதை மொழிபெயர்ப்பிலேயே குறிப்பிடுவது நல்லது. அதைவிட உறுதியானது, பட்டத் தேவைகள் அனைத்தும் நிறைவுற்ற திகதியை இரண்டு நாட்காட்டிகளிலும் குறித்துப் பல்கலைக்கழகப் பதிவகமே தரும் ஒரு கடிதம்.

இரண்டாவது முள் பெயர். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தமிழில் ‘முகம்மது’ என்று இருப்பது தேசிய அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் ஆங்கில எழுத்தில் வேறு வேறாக ஏறியிருக்கும். சவூதியில் அதை அரபியில் எழுதி, தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும் சேர்த்து நீட்டுவார்கள். மொழிபெயர்ப்பாளர் அந்த அரபியை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவரும்போது பிறப்புச் சான்றிதழில் இல்லாத ஒரு மூன்றாம் பெயர் பிறந்துவிடுகிறது. ‘மரைக்கார்’, ‘லெப்பை’ போன்ற பகுதிகள் அரபிப் பத்திரத்தில் அறவே விடுபடுவதும் உண்டு. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதச் சொல்லி, அரபியில் உள்ள வடிவத்தை அடைப்பில் குறிக்கச் செய்வது நடைமுறையில் பெரிதும் உதவும். அப்படியும் வேறுபாடு இருந்தால் எல்லாப் பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்ற சத்தியக்கடதாசி தேவைப்படும். சத்தியக்கடதாசி சிறு எழுத்து வேறுபாட்டைத் தீர்க்கும். பிறந்த திகதி மாறியிருந்தால் அது தீர்க்காது. ஆவணத்தை வழங்கிய அலுவலகத்திலேயே திருத்த வேண்டும்.

மூன்றாவது முள் பாடம். முதலிரு கேள்விகளையும் தாண்டிய இந்தக் கோப்பு இப்போது நேர்முகத் தேர்வுச் சபையின் முன் இருக்கிறது. வெற்றிடம் அரபுமொழி பாடத்துக்கு. விண்ணப்பதாரரின் பட்டம் ஷரீஆவில். நான்காண்டும் அரபியிலேயே படித்தவர் அரபு கற்பிக்க முடியாதா என்று அவர் கேட்பது நியாயமானதே. ஆனால் சபை மொழித் திறமையைப் பார்ப்பதில்லை. அறிவித்தலில் சொல்லப்பட்ட பாடம் பட்டத்தில் பாடமாக இருந்ததா என்று பார்க்கிறது. பெறுபேற்றுப் பத்திரத்தில் இலக்கணம், அணியியல், இலக்கியம் ஆகியன எத்தனை பருவங்களில், வாரத்துக்கு எத்தனை மணி கற்பிக்கப்பட்டன என்று பிரித்துக் காட்டியிருந்தால் வாதாட இடமிருக்கிறது. பாடப் பெயர்கள் மட்டும் இருந்து மணிகள் இல்லாவிட்டால் இடமில்லை. இந்த முடிவைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதம் எடுத்துத் தராது. சேவைப் பிரமாணக் குறிப்பும் குறித்த அறிவித்தலின் வாசகமுமே அதை முடிவு செய்யும். ஆகவே விண்ணப்பிக்குமுன் இந்த வாசகத்தைச் சொல் சொல்லாக வாசித்து, தம் பத்திரத்தில் அதற்கு எந்த வரி பதிலாகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

மௌலவிச் சான்றிதழின் நிலை வேறு. அரபுக் கல்லூரிகள் தாமே வழங்கும் அந்தச் சான்றிதழ் பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. பரீட்சைத் திணைக்களம் நடத்தும் அல்-ஆலிம் பரீட்சை அரசு நேரடியாக ஏற்கும் தகைமை என்பதால், வெளிநாடு போகுமுன் அதை எழுதி வைத்திருப்பவருக்குப் பட்டத்தின் அங்கீகாரம் தாமதமானாலும் கையில் ஓர் உள்நாட்டுச் சான்றிதழ் இருக்கும்.

இதே கோப்போடு அவர் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்தால் தீர்மானிப்பவர் மாறிவிடுகிறார். பல்கலைக்கழகங்களில் பட்டப்பின் படிப்புக்கு யாரை அனுமதிப்பது என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பீடமும் மூதவையும் எடுக்கும் கல்விசார் முடிவு. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியக் கற்கைகள், அரபுமொழிப் பீடம் ஷரீஆ பட்டத்தை நேரடித் தொடர்புள்ள பட்டமாகப் பார்க்க இடமுண்டு. வேறொரு பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை அதே பட்டத்துக்குத் தகுதிகாண் பரீட்சை கேட்கலாம். ஓரிடத்தில் மறுத்ததால் பட்டம் செல்லாது என்று பொருளாகாது. ஓரிடத்தில் ஏற்றதால் மற்ற இடத்திலும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

படகில் போனவர்களின் பட்டங்கள்

தமிழகத்தில் படித்துத் திரும்பியோரின் சிக்கல் வேறு இடத்தில் தொடங்குகிறது. வெளிநாட்டுப் பட்டத்தின் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிப்பவரிடம் பட்டமும் பெறுபேற்றுப் பத்திரமும் தவிர, அந்த நாட்டில் இருந்து படித்ததற்குச் சாட்சியாகக் கடவுச்சீட்டும் விசாப் பக்கங்களும் கேட்கப்படுவது இயல்பு. 1983க்குப் பின் மன்னார்க் கரையிலிருந்து படகில் இராமேசுவரம் போனவரிடம் கடவுச்சீட்டு இருந்திருக்காது. மாணவர் விசாவும் இல்லை. முகாமில் பிறந்த பிள்ளையாக இருந்தால் பிறப்புச் சான்றிதழே இந்தியாவினுடையது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து பிரசாவுரிமை பெற்ற பின்னரே இலங்கைப் பெயரும் எண்ணும் வரும்.

இவர்களின் கோப்பில் கடவுச்சீட்டின் இடத்தை முகாம் அடையாள அட்டை, குடும்ப அட்டை, தாயகம் திரும்பியபோது கிடைத்த பயண ஆவணம், கல்லூரியின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவை சேர்ந்து நிரப்ப வேண்டும். மாற்றுச் சான்றிதழில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் இருப்பதால் அது பலர் நினைப்பதைவிட வலுவான சாட்சி. பெயரின் சிக்கல் இங்கே இன்னொரு உருவத்தில் வரும். தமிழகத்துச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து மட்டும் இருக்கும். இலங்கை ஆவணத்தில் தந்தையின் முழுப்பெயர் முன்னால் இருக்கும். தற்காலிகப் பட்டச்சான்றிதழோடு ஊர் திரும்பி நிரந்தரச் சான்றிதழை எடுக்காமல் விட்டவர்களும் உண்டு. தற்காலிகச் சான்றிதழ் தேர்ச்சிக்குச் சாட்சியே தவிர நிரந்தரத்துக்கு மாற்றாக எப்போதும் ஏற்கப்படுவதில்லை. போர் ஒரு நாட்டிலிருந்து துரத்தியபோது கடவுச்சீட்டு எடுக்காததற்காக ஒருவரின் மூன்றாண்டுப் படிப்பு மதிப்பிழக்கக் கூடாது. இந்த வகைக் கோப்புகளுக்கு எழுத்தில் தெளிவான மாற்று ஆவணப் பட்டியல் ஒன்று இருப்பதே நியாயம்.

மருத்துவமும் பள்ளிச் சான்றிதழும்

தொழில்சார் பட்டங்களில் ஆணைக்குழுவின் கடிதம் வாசலோடு நின்றுவிடுகிறது. ரஷ்யாவிலோ சீனாவிலோ பங்களாதேஷிலோ மருத்துவம் படித்தவருக்கு வழி இலங்கை மருத்துவச் சபையினூடாகத்தான். படித்த மருத்துவக் கல்லூரி சபையினால் ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதன்பின் பதிவுக்கான தகுதிகாண் பரீட்சையில் தேற வேண்டும். அதற்குப் பின்னரே உள்ளகப் பயிற்சி. முன்பு மக்கள் வழக்கில் ‘அக்ட் 16’ என்று அறியப்பட்டது இந்தப் பரீட்சையே. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் பெற்ற சித்தியும் இங்கே கணக்கில் வருவதால், ஆறாண்டுப் படிப்பும் அதற்கான கடனும் தொடங்குமுன் சபையிடமே தகுதியை உறுதிசெய்ய வேண்டும். பொறியியலில் நிலைமை சற்று இலகுவாகியிருக்கிறது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் உறுப்பினராகியதால், அந்த உடன்படிக்கையின்கீழ் தரச்சான்று பெற்ற பாடநெறிகளை ஒப்பிட ஒரு பொது அளவு கிடைத்தது.

பள்ளிச் சான்றிதழ் பட்டத்துக்கு முந்தியது என்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. பட்டதாரி நியமனத்திலும் சாதாரண தரத்தில் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடச் சித்தி கேட்கப்படுவது உண்டு. வளைகுடாவில் இந்திய வாரியத்தின் பத்தாம் வகுப்பை முடித்தவரிடம் ஐந்து பாடங்களே இருக்கலாம். தமிழ் இல்லாமலும் இருக்கலாம். லண்டன் சாதாரண தரம் எழுதியவரிடமும் இதே குறை வரும். இவற்றின் சமமான தன்மையைப் பற்றிய கேள்வி பரீட்சைகள் ஆணையாளர் நாயகத்திடம் போக வேண்டியது. ஊர் திரும்பியவுடன் விடுபட்ட பாடத்தை இங்கே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதி முடிப்பது கடிதங்களுக்குக் காத்திருப்பதைவிடப் பல வேளைகளில் குறுகிய வழி.

எதிர்த் திசையிலும் இதே பாதை உண்டு. இலங்கைப் பட்டத்தோடு இந்தியாவுக்கு மேற்படிப்புக்குப் போகிறவரிடம் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டது 1925இல் தொடங்கிய இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமமான சான்றிதழ். 2025 ஏப்ரலில் இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு வெளிநாட்டுத் தகைமைகளுக்குச் சமநிலை வழங்குவது பற்றித் தனி ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. உலகளவிலும் நோக்கு மாறிவருகிறது. ஐரோப்பாவின் 1997 லிஸ்பன் உடன்படிக்கை, பெரிய வேறுபாடு இருப்பதாக மறுப்பவரே காட்ட வேண்டும், இல்லையேல் பட்டத்தை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. யுனெஸ்கோவின் உலகளாவிய உடன்படிக்கையும் அதே வழியில் எழுதப்பட்டு 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நிரூபிக்கும் சுமையை விண்ணப்பதாரரிடமிருந்து அலுவலகத்துக்கு மாற்றும் இந்தக் கொள்கை கற்பிட்டியிலிருந்து கோப்போடு பஸ் ஏறும் ஒருவருக்கு மிகவும் வேண்டியது.

மறுக்கப்படும்போது

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் முதலில் தெரிய வேண்டியது மூன்று கேள்விகளில் எது தோற்றது என்பதே. வாய்மொழிப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாமல் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தம் கோப்பின் மீதான தீர்மானத்தையும் அதற்கு அடிப்படையான விதியையும் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நிறுவனம் பட்டியலில் இல்லை என்பது காரணமானால், அந்த நாட்டின் கல்வி அதிகாரத்திடமிருந்து பல்கலைக்கழகத்தின் நிலையை உறுதிசெய்யும் கடிதம் பெற்று மீண்டும் எழுதலாம். மட்டம் காரணமானால் விரிவான பாடத்திட்டத்தை இணைக்கலாம். பாடப் பொருத்தம் காரணமானால் பொதுவாக அடுத்த அறிவித்தலில் வேறு பாட வெற்றிடத்தைப் பார்ப்பதே விரைவான வழி.

ஒரே வகைப் பட்டத்தோடு ஒருவர் ஏற்கப்பட்டு மற்றவர் தள்ளப்பட்டிருந்தால் அது சமத்துவ உரிமை பற்றிய கேள்வியாகிறது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாத காலமே உண்டு. அந்த மாதம் பெரும்பாலும் அலுவலகங்களுக்கு அலைவதிலேயே கழிந்துவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த நாளை உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

புத்தளத்திலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர். கற்பிட்டியிலிருந்து அதற்கும் மேல். ஒரு பிரதி குறைந்ததற்காக மறுபடி வருவது ஒரு நாள் சம்பளமும் பஸ் கட்டணமும். பட்டச்சான்றிதழ், விரிவான பெறுபேற்றுப் பத்திரம், பட்டம் செல்லுபடியாகும் திகதியைக் குறிக்கும் பதிவகக் கடிதம், படித்த காலத்தின் கடவுச்சீட்டு ஆகிய நான்கையும் பல்கலைக்கழக வாசலை விட்டு வெளியேறுமுன்பே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள்.